மின்சாரம் போதாத ஹார்ட் டிஸ்க்: நான்கு ஆண்டு கேசிங் அனுபவம்

சித்தப்பாவின் மடிக்கணினி ஐப்பசி மழையில் ஒரு காலையில் எழவே இல்லை. கோத்தகிரிக்குத் தென்மேற்குப் பருவமழையைவிட வடகிழக்கு மழையே அதிகம். அந்த வாரம் முழுவதும் மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்தது. பவர் பொத்தானை அழுத்தினால் விளக்குகூட எரியவில்லை. கடையில் மதர்போர்டு போய்விட்டது என்றார்கள். உள்ளே இருப்பதும் போயிற்று என்று நினைத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் ஒன்பது ஆண்டுகளாகத் தேயிலைத் தொழிற்சாலைக்குக் கொடுத்த பச்சைத் தேயிலையின் எடைக் கணக்கு இருந்தது.

"விலை குறைந்த மாதங்களில் எத்தனை கிலோ கொடுத்தேன் என்பது வேறெங்கும் இல்லையப்பா" என்றார் சித்தப்பா. அன்றுதான் கழற்றிய டிஸ்கை யூஎஸ்பி வழியாக வேறு கணினியில் மாட்ட உதவும் பெட்டியான, இரண்டரை அங்குல சாட்டா டிஸ்குக்கான கேசிங் ஒன்றை வாங்கினேன். நான்கு ஆண்டுகளில் ஆறு மடிக்கணினிகளின் டிஸ்குகளை அதில் மாட்டியிருக்கிறேன். அதில் நான் கற்றுக்கொண்டவற்றுள் பெரும்பகுதி மின்சாரத்தைப் பற்றியதுதான்.

கழற்றுவது எளிது. சார்ஜரைப் பிடுங்கி, பேட்டரியை எடுத்துவிட்டு, மிச்சமிருக்கும் மின்சாரம் வடிவதற்காகப் பவர் பொத்தானை இருபது விநாடி அழுத்திப் பிடித்தேன். அடிமூடியில் திருகுகளைக் கழற்றியதும் தகரச் சட்டத்துக்குள் டிஸ்க் தெரிந்தது. அதை மேல்நோக்கித் தூக்கக்கூடாது. இணைப்பானிலிருந்து பக்கவாட்டில் இழுத்துத்தான் எடுக்க வேண்டும், இல்லையென்றால் 'எல்' வடிவப் பிளாஸ்டிக் முனை உடைந்துவிடும். டிஸ்க் 9.5 மி.மீ. தடிமன். 7 மி.மீ. தடிமனுக்கு மட்டும் செய்த கேசிங்கில் அது நுழையாது, ஆகவே வாங்கும்போதே அளந்து பாருங்கள்.

டிஸ்கின் மேல் ஒட்டியிருந்த தாளில் சிறு துளை ஒன்று இருந்தது. அதை மூடக்கூடாது என்று அருகில் அச்சிட்டிருந்தார்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமப்படுவதற்கான துளை அது. எங்கள் ஊரில் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். குளிர்ந்த அறையில் இரவெல்லாம் கிடந்த டிஸ்கை அடுப்பெரியும் சூடான சமையலறைக்குக் கொண்டுபோனால் உலோகத்தின் மேல் நீர் பனிக்கும். நான் அதைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி, அறையின் வெப்பத்துக்கு வரும்வரை ஒரு மணி நேரம் வைத்திருந்தேன்.

பிறகு கேசிங்கில் செருகி, என் பழைய கணினியின் கறுப்பு யூஎஸ்பி துளையில் மாட்டினேன். 'டிக்' என்று ஒரு சத்தம், சுழலத் தொடங்கும் முனகல், உடனே அடங்கல், மறுபடி 'டிக்'. திரையில் டிஸ்க் தோன்றவில்லை. விண்டோஸ் மட்டும் சாதனம் சேர்ந்த ஒலியையும் பிரிந்த ஒலியையும் மாறி மாறி எழுப்பியது. டிஸ்கும் போய்விட்டதென்றே நினைத்தேன்.

போகவில்லை. டிஸ்கின் தாளில் 5V 0.7A என்றிருந்தது. கறுப்பாக இருந்த அந்த யூஎஸ்பி 2.0 துளை தருவதற்குக் கட்டுப்பட்டது 500 மில்லி ஆம்பியர்தான். யூஎஸ்பி 3.0 என்றால் 900. ஓய்ந்து கிடக்கும் தட்டு சுழலத் தொடங்கும் அந்த ஓரிரு விநாடிகளில்தான் டிஸ்க் அதிக மின்சாரம் கேட்கிறது. அது கிடைக்காவிட்டால் பாதியில் நின்று மீண்டும் முயல்கிறது. மேசைக்கணினியின் பின்புறம் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில், குட்டையான கேபிளால் மாட்டியதும் மூச்சுவிடுவதுபோல் ஒரே சீரான சத்தம் வந்தது. பத்து விநாடியில் திரையில் E: தோன்றியது. முன்புறத் துளையும், தனி மின்னிணைப்பில்லாத ஹப்பும், நீளமான கேபிளும் வேண்டாம். நீலத் துளை இல்லாதவர்கள் இரண்டு துளைகளிலிருந்து மின்சாரம் எடுக்கும் இரட்டைத்தலை கேபிளை வாங்கலாம்.

போதிய மின்சாரம் கொடுத்த பிறகும் 'டிக் டிக்' அல்லது உரசும் சத்தம் கேட்டால் உடனே பிடுங்கிவிடுங்கள். அது பெரும்பாலும் உள்ளே தட்டைப் படிக்கும் தலைப்பகுதியின் கோளாறு. ஒவ்வொரு முயற்சியும் தட்டைக் கீறக்கூடும். அதற்குமேல் தகவல் மீட்புக் கூடத்தின் வேலை.

மாட்டியவுடன் `You need to format the disk` என்று பெட்டி வந்தால் `Cancel` மட்டுமே அழுத்துங்கள். கோப்பமைப்பு படிக்க முடியாதபோது விண்டோஸ் இப்படிக் கேட்கும். சம்மதித்தால் அதன்மேல் புதிதாய் எழுதிவிடும். எனக்கு அந்தப் பெட்டி வரவில்லை. சித்தப்பாவின் பயனர் கோப்புறையைத் திறக்கத்தான் அனுமதி இல்லையென்றது. பழைய விண்டோஸின் கணக்கு வேறு, என் கணக்கு வேறு என்பதே காரணம்.

டிஸ்கின் நலத்தைக் காட்டும் `CrystalDiskInfo` செயலி மஞ்சளாய் `Caution` காட்டியது. `Current Pending Sector Count` எட்டு. எட்டு இடங்களை டிஸ்கால் சரியாகப் படிக்க முடியவில்லை என்று பொருள். எக்ஸ்ப்ளோரரில் இழுத்துப் போட்டால் அப்படி ஒரு கோப்பில் நகலெடுப்பு நின்று போகும். விண்டோஸோடு வரும் நகலெடுக்கும் கட்டளையான ரோபோகாப்பியும் தன் போக்கில் விட்டால் ஒரு கோப்பை முப்பது விநாடிக்கு ஒருமுறை வீதம் பத்து லட்சம் தடவை முயலும். ஆகவே கணக்கு இருந்த கோப்புறையை முதலில் தனியாக எடுத்துவிட்டு, மீதத்தை நிர்வாகி உரிமையுள்ள கட்டளைத் திரையில் இப்படி எடுத்தேன்:

```
robocopy E:\Users D:\meetpu /E /XJ /B /R:1 /W:1 /LOG:D:\meetpu.txt
```

`/R:1 /W:1` ஒரே ஒரு மறுமுயற்சியோடு அடுத்த கோப்புக்குப் போகச் சொல்கிறது. `/B` அனுமதிச் சிக்கலைத் தாண்டுகிறது. `/XJ` முடிவில்லாமல் சுற்றவைக்கும் குறுக்கிணைப்புகளை விட்டுவிடுகிறது. அது எழுதிய `meetpu.txt` பதிவுக் கோப்பைப் பார்த்தபோது மூன்று கோப்புகள் மட்டும் வரவில்லை. மூன்றும் ஒளிப்படங்கள். ஒன்பது ஆண்டுக் கணக்கு முழுதாய் வந்தது.

இந்தக் கேசிங்கால் முடியாததும் ஒன்று உண்டு. சென்ற ஆண்டு தங்கை மகளின் புதிய மடிக்கணினி நின்றுபோனது. அதில் சிறு பலகைபோன்ற எம்.2 என்விஎம்இ டிஸ்க். அதற்கு வேறு கேசிங் வாங்கினேன். மாட்டியதும் பூட்டுப் படம்தான் தெரிந்தது. மைக்ரோசாஃப்ட் கணக்கோடு அமைத்த பல மடிக்கணினிகளில் பிட்லாக்கர் குறியாக்கம் கேட்காமலே இயங்கிக்கொண்டிருக்கும். சாவியை எடுத்துக்கொடுக்கும் டிபிஎம் சில்லு அந்த மடிக்கணினியோடு போயிற்று. அப்போது 48 இலக்க மீட்புச் சாவி ஒன்றுதான் வழி. அவளுடைய கணக்கில் `aka.ms/myrecoverykey` பக்கத்தில் அது இருந்ததால் பிழைத்தோம். இல்லாதிருந்தால் எந்தக் கேசிங்கும் உதவியிருக்காது. உங்கள் மடிக்கணினி உயிரோடிருக்கும்போதே அந்தப் பக்கத்தைத் திறந்து சாவியைக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

நான்கு ஆண்டுகளில் சாட்டா கேசிங்கின் பெட்டியும் உள்பலகையும் அப்படியே இருக்கின்றன. அகலமான மைக்ரோ-பி முனைதான் மூன்றாம் ஆண்டில் தளர்ந்தது. கேபிளைத் தொட்டாலே டிஸ்க் பிரிந்தது. கேபிளை மாற்றியதும் சரியானது. இப்போது நகலெடுக்கும்போது கேசிங்கைத் துணிமேல் வைத்து, கேபிளில் எதுவும் இடிக்காதபடி ஓரமாய் வைக்கிறேன்.

சித்தப்பாவின் டிஸ்கைச் சிலிக்கா பொட்டலத்தோடு மூடிய டப்பாவில் வைத்திருக்கிறேன். போன மாதம் மாட்டிப் பார்த்தேன். எட்டு, இருபத்து நான்காகியிருந்தது. இனி அதை மாட்டப்போவதில்லை. கணக்கு இரண்டு வேறு டிஸ்குகளில் இருக்கிறது. ஒன்று அரவேணுவில், சித்தப்பாவின் மேசை இழுப்பறையில்.