ஆய்வுக் கட்டுரையோட 380 வார்த்தை அப்ஸ்ட்ராக்ட்டை 250க்கு கொண்டு வரணும்: வெட்டுறதா, புதுசா எழுதுறதா?

ரெண்டுக்கும் நடுவுல மாட்டிக்கிட்டு நிறைய பேர் கேக்குறீங்க, அதனால ஒரு நிஜ ஆய்வை வச்சே சொல்றேன். 2020ல பிரிட்டன்ல நடந்த ரெக்கவரி ட்ரையல், கோவிட் நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன்ங்கற ஸ்டீராய்டு மருந்தை குடுத்தது.

நேரம்:
வெட்டுறது – அரை மணி நேரம் போதும்.
புதுசா எழுதுறது – அரை நாள் ஆகும்.

மிச்சமாகுற இடம்:
வெட்டுறது – "இந்த ஆய்வின் நோக்கம் என்னவென்றால்" மாதிரி வாலெல்லாம் போனா ஒரு 30, 40 வார்த்தை குறையும், அதுக்கு மேல சதையத்தான் வெட்டணும்.
புதுசா எழுதுறது – முதல்ல ரிசல்ட்ஸ எழுதிடுவீங்க, மிச்ச இடத்துலதான் பின்னணி, அதுவும் ரெண்டே வரி.

முக்கிய முடிவு தப்பிக்குமா:
வெட்டுறது – இங்கதான் ஆபத்து. ரெக்கவரில 28 நாள் இறப்பு மருந்து குடுத்தவங்கள்ல 22.9%, வழக்கமான சிகிச்சைல 25.7%. அவசரத்துல இதை மட்டும் வச்சுட்டு மத்தத தூக்கிட்டா, வென்டிலேட்டர்ல இருந்தவங்களுக்கு இறப்பு 41.4%ல இருந்து 29.3%க்கு இறங்குனதும் போயிடும், ஆக்சிஜன் தேவைப்படாதவங்களுக்கு பலன் தெரியலங்கறதும் போயிடும், அப்புறம் படிக்கிற டாக்டர் எல்லாருக்குமே குடுத்துடுவார்.
புதுசா எழுதுறது – யாருக்கு, எவ்வளவு, எந்த கான்ஃபிடன்ஸ் இன்டர்வெல்னு முதல்லயே உக்கார வச்சுடுறதால தப்பிச்சுடும். ஆனா நம்பர் மாறிப்போக வாய்ப்பிருக்கு, டேபிளோட ஒருதடவ ஒத்துப் பாத்தே ஆகணும்.

40 வார்த்தைக்குள்ளதான் அதிகம்னா வெட்டுங்க, நூத்துக்கு மேலன்னா புதுசாவே எழுதுங்க. ரெண்டுலயும் பாதகமான முடிவ மட்டும் தூக்கிடாதீங்க.