பேட்டரிக்கு ஏறாத சோலார்: சின்ன நீலக் கன்ட்ரோலருடன் மூன்று மழைக்காலம்

ரங்கூன், பெகு, மோல்மேன் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும், சோலார் பேனலின் கரண்டைப் பேட்டரிக்கு அளவாக ஏற்றிவிடும் 30 ஆம்பியர் பிடபிள்யூஎம் கன்ட்ரோலர் விலைக்கு மோசமில்லை. தகரக்கூரையில் இணையாகக் கட்டிய இரண்டு 100 வாட் பேனல், கீழே ஒரு 12 வோல்ட் 100 ஆம்பியர்-மணி ஈயப் பேட்டரி. மூன்று மழைக்காலமாக இப்படித்தான் ஓடுகிறது. இந்தக் கன்ட்ரோலர் பெட்டியில் வரும் தொல்லை பெரும்பாலும் ஒன்றுதான்: நல்ல வெயில் இருக்கும், பேட்டரிக்கு ஏறாது. உடனே பெட்டி போய்விட்டது என்று புதிதாக வாங்குகிறார்கள். ஒரு மல்டிமீட்டர் இருந்தால் அந்தச் செலவு பல வேளை மிச்சம்.

மீட்டரை டிசி 200 அளவில் வையுங்கள். 20 அளவில் வைத்தால் பேனலின் வோல்ட் அதைத் தாண்டி, திரையில் வெறும் 1 நிற்கும். பேனல் வயர்களைக் கன்ட்ரோலரிலிருந்து கழற்றி, சிவப்பு முனையைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் வைத்துப் பாருங்கள். 36 செல் பேனல் என்றால் 21 வோல்ட்டுக்குப் பக்கத்தில் வர வேண்டும். சித்திரை வெயிலில் பேனல் சுட்டுக் கிடக்கும்போது 19க்கு இறங்கும், அது பழுதல்ல. எண்ணுக்கு முன்னால் கழித்தல் குறி வந்தால் வயர் மாறியிருக்கிறது. கூரையிலிருந்து இரண்டு கறுப்பு வயராக இறக்கிய வீடுகளில் இது சாதாரணமாக நடக்கும். வயரின் நிறத்தையோ பிளக்கின் ஆண்-பெண் வடிவத்தையோ நம்பாமல் மீட்டரை மட்டும் நம்புங்கள்.

திரும்ப மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல். கழற்றும்போது முதலில் பேனல். இந்தப் பெட்டி 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்பதைப் பேட்டரியைப் பார்த்துத்தான் முடிவு செய்கிறது. பேனல் முதலில் வந்தால் அந்தக் கணக்கு தப்பிவிடும்.

இனி, பலரும் பார்க்காத அளவு. எல்லாம் மாட்டியபடியே கன்ட்ரோலரின் பேனல் முனைகளில் மறுபடி அளந்து பாருங்கள். பிடபிள்யூஎம் பெட்டி சார்ஜ் செய்யும்போது பேனலை நேரே பேட்டரியோடு சேர்த்துவிடுகிறது. அதனால் பேனல் வோல்ட் பேட்டரியின் அளவுக்கு, 13 பக்கம் இறங்கிவிட வேண்டும். இறங்காமல் 20 வோல்ட்டிலேயே நின்றால் பேனலும் வயரும் நன்றாக இருக்கின்றன, பெட்டிதான் கரண்டை எடுக்கவில்லை என்று பொருள். பேட்டரி நிஜமாகவே நிரம்பியிருந்தால் அப்படி நிற்கலாம். நிரம்பவில்லை என்றால் பெட்டியின் மெனுவில் உள்ள பேட்டரி வகை அமைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

ஒரு வீட்டில் கண்ட அளவுகள்: நண்பகல், மாட்டியபடி பேனல் 20.3, பேட்டரி 12.6. இரவில் இரண்டு பல்பு போட்டாலே ஒரு மணி நேரத்தில் அணைந்துவிடும். மெனுவில் வகை b2 என்று இருந்தது. பழைய பெட்டியில் b2 என்றால் ஜெல் பேட்டரி, அதனால் யாரும் ஐயப்படவில்லை. அச்சாக அதே போலிருந்த புதிய பெட்டியில் b2 என்பது மூன்று செல் லித்தியம், அதன் முழு அளவு 12.6 வோல்ட். ஈயப் பேட்டரி ஏறும்போது 14.4 வரை போக வேண்டும். 12.6லேயே போதும் என்று பெட்டி கதவைச் சாத்தினால் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. பல வாரம் அரைகுறையாகக் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து கொள்ளளவும் போய்விடும். நான்கு செல் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரிக்கு இந்த அமைப்பில் நிலைமை இன்னும் மோசம். அது சும்மா இருக்கும்போதே 13.2 காட்டும், ஆகவே சார்ஜ் தொடங்கவே தொடங்காது.

b1, b2 என்ற எழுத்தை விட்டுவிட்டு, அந்தப் பெட்டியோடு வந்த தாளில் ஒவ்வொரு வகைக்கும் போட்டிருக்கும் வோல்ட்டைப் பாருங்கள். அந்த வீட்டில் ஈயத்துக்கான b1க்கு மாற்றியதும் பேனல் 20.3லிருந்து 13.1க்கு இறங்கியது, திரையில் அம்பு ஓட ஆரம்பித்தது. சில பெட்டிகள் பேட்டரியைக் கழற்றி மாட்டினால் அமைப்பை மறந்துவிடும். மாட்டியவுடன் மெனுவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

அமைப்பு சரியாக இருந்தும் சீக்கிரமே நிரம்பிவிட்டதாகக் காட்டினால், கன்ட்ரோலரின் பேட்டரி முனையிலும் பேட்டரியின் கொம்பிலும் தனித்தனியே அளந்து பாருங்கள். அங்கே 14.4, இங்கே 13.2 என்றால் இடையில் ஏதோ ஒரு இணைப்பு கெட்டிருக்கிறது. இரண்டாம் மழைக்காலத்துக்குப் பிறகு திருகுகளில் பச்சை பூத்திருக்கும். சுரண்டி, வயர் முனையைப் புதிதாக வெட்டி இறுக்கினால் வித்தியாசம் 0.1க்குள் வந்துவிடும்.

கூரையிலிருந்து 10 மீட்டர் இறங்கும் வயருக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் போதாது. போக வர 20 மீட்டரில் 11 ஆம்பியர் ஓடினால் ஏறக்குறைய 1.6 வோல்ட் வழியிலேயே போகும். வெயிலில் சுட்ட பேனல் 16 வோல்ட் தரும்போது கீழே 14.4 மட்டுந்தான் வந்து சேரும், கடைசிக் கட்டச் சார்ஜ் இழுத்துக்கொண்டே போகும். 6 சதுர மில்லிமீட்டர் வயரில் இழப்பு 0.7 வோல்ட்டுக்குள் அடங்கும்.