வயல் வேலைக்கு எத்தனை கலோரி? ஒரே வீடு, மூன்று கணக்குகள்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவருக்கு 38 வயது, எடை 55 கிலோ. மனைவிக்கு 35 வயது, எடை 48 கிலோ. இருவருமே போடியாரின் வயலுக்கு நாட்கூலிக்குப் போகிறவர்கள். அவர் வரம்பு கட்டுவார், விதைப்பார், உரம் எறிவார். அவர் மனைவி புல்லுப் பிடுங்கப் போவார். இந்த இரண்டு பேருக்கும் ஒரு நாளைக்கு எவ்வளவு சாப்பாடு வேண்டும்? ஊட்டச்சத்துத் துறையில் இதைக் கணக்கிட மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன. ஒரே வீட்டுக்கு மூன்றும் மூன்று விடை தருகின்றன. எந்த விடையை நம்புகிறோம் என்பதைப் பொறுத்து யாருடைய தட்டில் சோறு குறையும் என்பதும் மாறிவிடுகிறது. (இங்கே கலோரி என்று வருவதெல்லாம் கிலோகலோரி.)

முதல் வழி அட்டவணை. வேலையை இலேசானது, மிதமானது, கடினமானது என்று மூன்றாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண்ணைக் கொடுத்துவிடுவார்கள். தமிழில் அதிகம் கண்ணில் படுவது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அட்டவணைதான். அதன் 2020ஆம் ஆண்டுப் பதிப்பில் ஆணுக்கு 2,110, 2,710, 3,470 என்றும், பெண்ணுக்கு 1,660, 2,130, 2,720 என்றும் இருக்கிறது. பார்ப்பதற்கு மிக வசதி. ஆனால் அந்த ஆண் 65 கிலோ, அந்தப் பெண் 55 கிலோ என்று வைத்துப் போட்ட எண்கள் இவை. 55 கிலோ மனிதருக்கு 3,470ஐ அப்படியே எழுதினால் அவரிடம் இல்லாத பத்துக் கிலோவுக்கும் சேர்த்துச் சோறு போடுகிறோம். எடையைக் கேட்காத கணக்கு என்பதாலேயே இதை நான் தனி மனிதருக்குப் பயன்படுத்த மாட்டேன்.

இரண்டாவது வழி பெருக்கல். உணவு விவசாய அமைப்பும் உலக சுகாதார அமைப்பும் ஐ.நா. பல்கலைக்கழகமும் சேர்ந்து 1985இல் வெளியிட்ட அறிக்கையிலிருந்து வருவது. முதலில் ஒருவர் எந்த வேலையும் செய்யாமல் படுத்திருந்தாலே உடல் செலவிடும் சக்தியைக் கண்டுபிடிக்க வேண்டும். நம் பாடப்புத்தகங்கள் இதை அடிப்படை அனுசேபம் என்கின்றன. அதற்கு ஷோஃபீல்ட் என்பவரின் சூத்திரத்தை எடுத்துக்கொள்வோம்: 30 முதல் 60 வயது வரையான ஆணுக்கு எடையை 11.472ஆல் பெருக்கி 873.1ஐக் கூட்ட வேண்டும். பெண்ணுக்கு 8.126ஆல் பெருக்கி 845.6ஐக் கூட்ட வேண்டும். நம் கணவருக்கு ஏறக்குறைய 1,504 வருகிறது, மனைவிக்கு 1,236. பிறகு இதை 1985 அறிக்கை வேலை வகைக்குக் கொடுத்த எண்ணால் பெருக்குகிறோம். ஆணுக்கு இலேசான வேலை 1.55, மிதமானது 1.78, கடினமானது 2.10. பெண்ணுக்கு 1.56, 1.64, 1.82.

விவசாயக் கூலி என்றதும் யாரும் யோசிக்காமல் ஆணைக் கடின வேலைக்குள் போட்டுவிடுவார்கள்: 1,504 × 2.10, கிட்டத்தட்ட 3,160. புல்லுப் பிடுங்கும் பெண்ணை மிதமான வேலைக்குள் போடுவதுதான் வழக்கம்: 1,236 × 1.64, சுமார் 2,030. எடை கணக்கில் வந்துவிட்டது, சரி. ஆனால் ஒரு மனிதரின் 24 மணித்தியாலமும் 365 நாளும் ஒரே ஒரு சொல்லுக்குள் அடைபட்டுப் போகின்றன.

மூன்றாவது வழி மணிக்கணக்கு. அதே மூன்று அமைப்புகளின் அடுத்த நிபுணர் குழு 2001இல் கூடி, 2004இல் வெளியிட்ட அறிக்கை இதைத்தான் முன்வைத்தது. தொழிலின் பெயரைக் கேட்பதில்லை. ஒவ்வொரு மணித்தியாலமும் என்ன செய்தார் என்று கேட்டு, அடிப்படை அனுசேபத்தைப் போல அது எத்தனை மடங்கு என்று கூட்டிக்கொண்டே போவார்கள். தூக்கம் 1, சும்மா இருந்து கதைப்பது 1.4, சாப்பிடுவது 1.5, சமையல் 2.1, குளித்து உடுத்துவது 2.3, வீட்டு வேலை 2.8, நடை 3.2, இயந்திரம் இல்லாத வயல் வேலை 4.1, தண்ணீர் விறகு சுமப்பது 4.4, சைக்கிள் 5.6. முழு நாளையும் கூட்டி 24ஆல் வகுத்தால் அந்த நாளின் மடங்கு கிடைக்கும்.

நம் கணவரின் வேலை நாளைப் பார்ப்போம். எட்டு மணித்தியாலம் தூக்கம், ஒரு மணி குளியலும் உடுத்தலும், ஒரு மணி சாப்பாடு, ஆறு மணி வயல், வட்டைக்குப் போய் வர ஒரு மணி சைக்கிள், மீதி ஏழு மணி ஓய்வும் பேச்சும். கூட்டினால் 51.8, வகுத்தால் 2.16. அன்றைக்கு அவருக்கு 3,250 கலோரி வேண்டும். இதுவரை 'கடின வேலை' என்ற பெயர் பொருந்தத்தான் செய்கிறது.

வேலை இல்லாத நாளுக்கு வந்தால் நிலைமை வேறு. தூக்கம், குளியல், சாப்பாடு அப்படியே இருக்க, ஒரு மணி நடை, இரண்டு மணி வீட்டு வேலை, மீதி பதினொரு மணி ஓய்வு. மடங்கு 1.50, தேவை 2,260க்குள். ஒரே மனிதருக்கு ஒரு நாளுக்கும் இன்னொரு நாளுக்கும் இடையே ஆயிரம் கலோரி வித்தியாசம். பச்சையரிசிக் கணக்கில் அது 280 கிராம். கிழக்கில் இப்படி வேலை இல்லாத நாட்கள் நிறைய. இங்கே பெரும்பாலும் நாற்று நடுவதில்லை, விதைத்துவிடுகிறார்கள். அறுவடையை வெட்டு மெசின் செய்துவிடுகிறது. வரம்பு கட்டும் காலம், விதைப்பு, உரம் என்று வேலை கொத்துக் கொத்தாக வந்து, நடுவில் நாட்கள் வெறுமையாகப் போகும். கத்தியால் வெட்டிச் சூடு அடித்த காலத்துக்கு 'கடின வேலை' என்ற பெயர் எழுதப்பட்டது. பெயர் மாறவில்லை, ஆனால் வேலையின் பெரும்பகுதி போய்விட்டது. மாதத்தில் 12 நாள் வேலை கிடைத்தால் அவருடைய சராசரி 2,650. பெருக்கல் முறையில் அது மிதமான வேலைக்காரரின் எண்.

அவர் மனைவியின் நாளில்தான் பெரிய வித்தியாசம் தெரிகிறது. புல்லுப் பிடுங்கப் போகும் நாளில் ஏழு மணி தூக்கம், ஐந்து மணி வயல், மூன்று மணி சமையல், இரண்டு மணி வீட்டு வேலை, ஒரு மணி தண்ணீரும் விறகும், ஒரு மணி நடை, குளியலும் சாப்பாடும் இரண்டு மணி, உட்கார்ந்திருக்கக் கிடைப்பது மூன்று மணி. மடங்கு 2.29. கணவரின் வேலை நாளைவிட அதிகம். தேவை 2,830 கலோரி. வயலுக்குப் போகாத நாளில் எட்டு மணி தூக்கமும் ஐந்து மணி ஓய்வும் கிடைத்தால்கூட, மூன்று மணி சமையல், நான்கு மணி வீட்டு வேலை, தண்ணீர், விறகு, நடை எல்லாம் சேர்ந்து 1.83 வருகிறது. 1985 அறிக்கை பெண்களின் 'கடின வேலை'க்கே 1.82தான் கொடுத்திருக்கிறது என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். அவர் வீட்டில் 'சும்மா' இருக்கும் நாள், அந்தக் கணக்கின்படி கடின வேலை நாள்.

இது ஏன் இப்படி ஆனது என்றால், அந்த அறிக்கை ஆணின் கடின வேலை நேரத்துக்கு 3.8 மடங்கும் பெண்ணின் கடின வேலை நேரத்துக்கு 2.8 மடங்கும் வைத்தது. பெண் செய்வது எப்படியும் இலகுவாகத்தான் இருக்கும் என்ற எண்ணம் அடியிலேயே போய்விட்டது. 2004 அறிக்கையின் வகைகளில் ஆண் பெண் பிரிவினை இல்லை. யார் பிடுங்கினாலும் புல் ஒரே புல்தான்.

மனைவிக்கும் 12 நாள் வேலை என்று வைத்தால் மாதச் சராசரி 2,490. இப்போது இருவரையும் கூட்டிப் பாருங்கள். பெருக்கல் முறையில் 3,160உம் 2,030உம் சேர்ந்து 5,190. மணிக்கணக்கில் 2,650உம் 2,490உம் சேர்ந்து 5,140. வீட்டுக்கு மொத்தமாக வேண்டிய அரிசி ஏறக்குறைய ஒன்றே. பங்குதான் மாறிவிடுகிறது. பெருக்கல் கணக்கை நம்பிய வீட்டில் மனைவிக்கு ஒரு நாளைக்கு 460 கலோரி, அதாவது 130 கிராம் அரிசி அளவுக்குக் குறைகிறது. எல்லாரும் சாப்பிட்ட பிறகு பானையில் மிஞ்சியதைத்தான் அம்மா சாப்பிடுவார் என்ற பழக்கத்துக்கு ஓர் அறிக்கையும் துணை நின்றது போல ஆகிவிடுகிறது. என்னை இந்த விஷயத்தில் அதிகம் வருத்துவது இதுதான்.

மணிக்கணக்கிலும் பிழை வரும். அதிகம் வருவது கேள்வி கேட்கும் முறையில். "என்ன வேலை செய்றீங்க?" என்று கேட்டால் "வயல் வேலை" என்று ஒரு சொல்லில் பதில் முடிந்துவிடும். "நேற்று எழும்பினதிலிருந்து படுக்கும் வரைக்கும் என்ன செய்தீங்க அக்கா, ஒவ்வொன்றாகச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால்தான் விறகும் தண்ணீரும் வெளியே வரும். பெண்கள் இவற்றை வேலை என்று தாமாகச் சொல்வதில்லை. இன்னொன்று இடைவேளை. காலை ஏழு மணிக்கு இறங்கி ஒரு மணிக்கு ஏறினால் ஆறு மணித்தியாலமும் வேலை இல்லை. பிளேன்டீ, வெற்றிலை, வரம்பில் குந்தியிருப்பது என்று ஒரு மணி கழிந்திருந்தால் அதை 1.4இல்தான் போட வேண்டும். மறந்து 4.1இல் போட்டால் நம் கணவருக்கு 170 கலோரி கூடிவிடும். மண்வெட்டியால் வரம்பு வெட்டுவது 4.1ஐவிடக் கடினம் என்பதால் அந்த நாளில் பிழை மறுபக்கம் சாயும்.

அடிப்படை அனுசேபச் சூத்திரமும் நம் ஆட்களுக்குச் சற்று அதிகமாகவே காட்டுகிறது. ஐரோப்பியர்களின் அளவீடுகள் அதில் அதிகம். தெற்காசியரில் 5 முதல் 10 சதவீதம் குறைவாக இருக்கக்கூடும். அதனால் மேலே உள்ள எண்கள் எல்லாவற்றையும் கொஞ்சம் கீழே இறக்கிப் படிப்பதில் தவறில்லை. அப்படி இறக்கினாலும் இருவருக்கும் சேர்ந்தே இறங்கும், பங்கு மாறாது.

எனவே எதை எங்கே வைப்பது? நூற்றுக்கணக்கான பேருக்கு உலர் உணவுப் பொதி திட்டமிடும்போது ஒவ்வொருவரிடமும் நேற்றைய நாளைக் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. அங்கே பெருக்கல் முறை போதும். ஆனால் ஆண் பெண் இருவருக்கும் 2004இன் வகைகளை, மிதமான வேலைக்கு 1.70 முதல் 1.99, கடின வேலைக்கு 2.00 முதல் 2.40 என்று, ஒன்றாகவே வைக்கச் சொல்வேன். ஒரு வீட்டுக்கு, அல்லது வாடியில் தங்கி வேலை செய்யும் ஒரு குழுவுக்கு என்றால் மணிக்கணக்குதான்.

எந்தக் கணக்கு போட்டாலும் சரிபார்க்கத் தராசு இருக்கிறது. பெரும்போகம் தொடங்கும்போதும் முடியும்போதும், ஒரே தராசில், காலையில் சாப்பிடும் முன் நிறுக்க வேண்டும். வெயிலில் வியர்த்து வந்து நிறுத்தால் குறைந்தது தண்ணீரா சதையா என்று தெரியாது. 60 நாளில் 2 கிலோ குறைந்திருந்தால் நாளொன்றுக்கு ஏறக்குறைய 250 கலோரி போதாமல் இருந்திருக்கிறது. எடை குறையவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்றும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாடு குறையும்போது உடல் முதலில் செய்வது அசைவைக் குறைப்பதுதான். பிற்பகலில் எழும்ப முடியாமல் படுத்திருப்பது, கூலி கிடைக்கும் நாளிலும் "இன்றைக்குப் போகவில்லை" என்பது, முன்பு ஒரே மூச்சில் முடித்த பாத்திக்கு இரண்டு தடவை குந்துவது, இவற்றையும் தராசில் பார்த்த எடைக்குப் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும்.