ஸ்கோர் பலகைப் படத்திலிருந்து புள்ளிப் பட்டியல்: மூன்று வருட அனுபவம்

சுங்கை சிப்புட் பக்கம் பந்து என்றாலே கால்பந்துதான். அதற்கிடையில் சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் டவுனிலிருந்தும் நாலைந்து அணிகள் சேர்ந்து, டென்னிஸ் பந்தில் பத்து ஓவர் கிரிக்கெட் ஆடுகிறோம். மூன்று வருடமாக அதன் புள்ளிப் பட்டியலைப் போடுவது என் வேலை. ஆட்டம் முடிந்ததும் யாராவது ஸ்கோர் பலகையைப் படம் பிடித்துப் புலனத்தில் அனுப்புவார்கள். நான் இரவில் உட்கார்ந்து அதைக் கைப்பேசியில் உள்ள விரிதாளில் தட்டி, அணி, ரன், விக்கெட், ஓவர் என்று அட்டவணை ஆக்குவேன். கேட்டால் ஐந்து நிமிட வேலை மாதிரி இருக்கும். எங்கே சறுக்கும் என்று இந்த மூன்று வருடத்தில் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

முதலில் படம். எங்கள் பலகை கறுப்புச் சாயம் அடித்த பலகை. அதில் ஆணி அடித்து, வெள்ளை எண் எழுதிய தகரத் தகடுகளை மாட்டுவோம். மேலே மொத்தம், நடுவில் விக்கெட், கீழே ஓவர். 6-ம் 9-ம் ஒரே தகடுதான், திருப்பி மாட்டினால் மாறிவிடும். சாயங்கால வெயில் செம்பனை மரங்களுக்கு மேலாகச் சாய்வாக விழும்போது, தகடு பளபளத்து 0-ம் 8-ம் படத்தில் ஒன்றாகத் தெரியும். இப்போது எல்லா 6-க்கும் 9-க்கும் அடியில் ஒரு சிவப்புக் கோடு போட்டுவிட்டோம். படம் எடுப்பவர்களிடமும் நேராக நின்று எடுக்காமல் இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்து எடுக்கச் சொல்லியிருக்கிறேன். பளபளப்பு போய்விடுகிறது.

படத்திலிருந்து எண்ணைத் தானாக எடுத்துத் தரும் வசதியையும் ஒரு தொடர் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தேன். அச்சடித்த தாளாக இருந்தால் நன்றாகவே எடுக்கிறது. ஆணியில் தொங்கும் தகட்டுக்குச் சரிவரவில்லை. ஒரு ஆணி காலியாக இருந்தால் அடுத்த எண்ணை அந்த இடத்துக்கு இழுத்துக்கொள்கிறது, விக்கெட் இருக்க வேண்டிய இடத்தில் ஓவர் வந்து உட்கார்ந்துவிடுகிறது. ஒரு ஆட்டத்துக்கு ஆறே எண்கள். அதைச் சரிபார்க்கும் நேரத்தில் கையால் தட்டிவிடலாம்.

ஆனால் படம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் பலகை முழுக் கதையையும் சொல்லாது. பலகையில் முடிந்த ஓவர் மட்டும்தான் ஏறும். எட்டு ஓவர் முடிந்து ஐந்தாவது பந்தில் ஆட்டம் முடிந்தால் பலகை 8 என்றுதான் காட்டும். கடைசி அடியையும் பல நேரம் ஏற்ற மாட்டார்கள். ஜெயித்த குஷியில் தகடு மாட்டுகிற பையனும் திடலுக்குள் ஓடிவிடுவான். போன வருடம் செம்பனை ஆலை அணியின் மூன்றாவது ஆட்டத்தில் அப்படித்தான் ஆனது. எதிரணி 69 ரன். ஆலை அணி ஜெயித்துவிட்டது. படத்தில் ஆலை அணிக்கு 68, 4 விக்கெட், 8 ஓவர். ஜெயித்த அணியின் ரன் தோற்ற அணியைவிடக் குறைவாக இருக்க முடியாதே! ஸ்கோர் புத்தகம் எழுதும் அண்ணனுக்கு அழைத்தேன். அவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, ஒரு புள்ளி விடாமல் எழுதுவார்.

“பலகைய பாக்காதப்பா, புக்க பாரு. கடைசி பந்துல ரெண்டு ஓடுனாங்க. எழுபதுக்கு நாலு, எட்டு ஓவர் அஞ்சு பந்து” என்றார்.

அன்றிலிருந்து இரண்டு படம் கேட்கிறேன், ஒன்று பலகை, ஒன்று புத்தகத்தின் கடைசிப் பக்கம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் புத்தகம் சொல்வதைத்தான் எடுத்துக்கொள்வேன்.

இனி தட்டுகிற இடம். விரிதாளில் சாய்கோடு போட்டு எழுதினால் அதைத் தேதி என்று நினைத்துக்கொள்ளும். 70/4 என்று எழுதினால் அப்படி ஒரு தேதி இல்லாததால் பெரும்பாலும் தப்பிக்கும். பந்துவீச்சாளரின் கணக்கை எழுதும்போதுதான் மாட்டிக்கொள்வோம். 2023 ஜூலையில் சீனாவுக்கு எதிரான டி20 ஆட்டத்தில் நம் மலேசியாவின் ஷியாஸ்ருல் இட்ருஸ் 8 ரன் கொடுத்து 7 விக்கெட் எடுத்தார். ஆண்கள் சர்வதேச டி20-இல் ஒரே ஆட்டத்தில் ஏழு விக்கெட் எடுத்த முதல் ஆள் அவர்தான். அந்த 7/8-ஐ அப்படியே தட்டிப் பாருங்கள். அது ஆகஸ்ட் 7 ஆகிவிடும், செயலியின் வட்டார அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் ஜூலை 8. கட்டத்தை எண் வடிவத்துக்கு மாற்றினாலும் 7/8 திரும்பி வராது, நாற்பதாயிரத்துக்கு மேல் ஒரு எண் வந்து நிற்கும். அதனால் நான் சாய்கோடே போடுவதில்லை. ரன்னுக்கு ஒரு நெடுவரிசை, விக்கெட்டுக்கு ஒன்று. கூட்டிக் கழிக்கவும் அதுதான் வசதி.

எல்லாவற்றையும்விட அதிகம் சண்டை இழுத்தது ஓவர் நெடுவரிசைதான். 8.5 என்று எழுதினால் நமக்கு எட்டு ஓவர், ஐந்து பந்து. விரிதாளுக்கு எட்டரை. ஒரு ஓவருக்கு ஆறு பந்து என்பது அதற்குத் தெரியாது. இது எவ்வளவு தூரம் இழுத்துவிடும் என்பதற்கு ஒரு நிஜ ஆட்டத்தைப் பாருங்கள். 2024 செப்டம்பரில் பாங்கியில் சிங்கப்பூருக்கு எதிராக மங்கோலியா 10 ஓவர் ஆடி, 10 ரன்னில் சுருண்டது. சிங்கப்பூர் 13 ரன் எடுத்து ஐந்தே பந்தில் ஆட்டத்தை முடித்தது. அட்டையில் அது 0.5 ஓவர். 13-ஐ 0.5-ஆல் வகுத்தால் ஓவருக்கு 26 ரன் என்று வரும். ஐந்து பந்தில் 13 என்றால் சரியான வேகம் 15.6. ஓவர் நெடுவரிசையைக் கொண்டு நேரடியாக வகுக்கும் எந்தப் பட்டியலிலும் இந்தத் தவறு இருக்கும்.

அதே ஆட்டத்தில் இன்னொரு பாடமும் இருக்கிறது. ஓவருக்கு அடித்த ரன்னிலிருந்து ஓவருக்குக் கொடுத்த ரன்னைக் கழித்தால் வருவதுதான் நிகர ரன் விகிதம். அதைக் கணக்கிடும்போது, ஒரு அணி ஆல் அவுட் ஆனால் அது ஆடிய ஓவரை எடுக்கக் கூடாது, அதற்கு ஒதுக்கிய முழு ஓவரையும் எடுக்க வேண்டும். மங்கோலியா 10 ரன்னை 10 ஓவரில் எடுத்தது, ஓவருக்கு 1 என்று போட்டால் தப்பு. 20 ஓவரில் 10 ரன், ஓவருக்கு 0.5. விதி இல்லையென்றால் சீக்கிரம் சுருண்ட அணி வேகமாக ஆடியதாகக் கணக்கு காட்டிவிடும்.

இப்போது ஆலை அணிக்கு வருகிறேன். மூன்று ஆட்டம் ஆடியிருந்தார்கள். முதல் ஆட்டத்தில் 10 ஓவரில் 84 எடுத்து, எதிரணியை 10 ஓவரில் 80-இல் நிறுத்தினார்கள். இரண்டாவதில் 7.4 ஓவரில் 61-க்கு ஆல் அவுட், எதிரணி அதை 8.2 ஓவரில் 62 எடுத்துத் தாண்டியது. மூன்றாவது நான் மேலே சொன்னது, எதிரணி 10 ஓவரில் 69, இவர்கள் 8.5 ஓவரில் 70. இரண்டாம் இடத்துக்கு இவர்களும் டவுன் அணியும் ஒரே புள்ளியில் நின்றார்கள். டவுன் அணியின் நிகர ரன் விகிதம் 0.35.

ஆலை அணித் தலைவர் தானே ஒரு தாளில் கணக்குப் போட்டு 0.82 என்று கொண்டுவந்தார். அடித்தது 215 ரன், ஓவரை எழுதியபடியே கூட்டினால் 25.9. கொடுத்தது 211 ரன், ஓவர் 28.2. வகுத்துக் கழித்தால் அவர் சொன்னது சரியாக வருகிறது. அவர் ஏமாற்றவில்லை, எழுதிய எண்ணை அப்படியே நம்பினார்.

நான் பந்தாக மாற்றிக் காட்டினேன். அடித்த பக்கம் 60, ஆல் அவுட்டுக்கு முழு 60, அப்புறம் 53, ஆக 173 பந்து. கொடுத்த பக்கம் 60, 50, 60, ஆக 170. 215-ஐ 173-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 7.457. 211-ஐ 170-ஆல் வகுத்து ஆறால் பெருக்கினால் 7.447. வித்தியாசம் 0.01. இரண்டாம் இடம் டவுன் அணிக்கு. ஒட்டுக்கடையில் தே ஓ ஆறிப்போகும் அளவுக்கு அவர் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அந்த ஏழு ஓவர் நாலு பந்துதான் எங்கள சாச்சிருச்சா?” என்று கேட்டார். ஆமாம், அதுதான். ஆல் அவுட்டை மட்டும் திருத்தி, ஓவரில் உள்ள புள்ளியைத் தசமமாகவே விட்டிருந்தால்கூட 0.06-தான் வந்திருக்கும். புள்ளித் தவறு சிறியது, ஆல் அவுட் தவறுதான் விகிதத்தை முக்காலுக்கு மேல் ஏற்றிவிட்டது. நானும் அதுவரை நேர்மாறாகத்தான் நினைத்திருந்தேன்.

அன்றிரவே விரிதாளை மாற்றினேன். E-இல் ஓவரை அட்டையில் உள்ளபடி எழுதுகிறேன். G-இல் ஆல் அவுட் என்றால் 1, இல்லையென்றால் காலி. H-இல் அந்த ஆட்டத்துக்கு ஒதுக்கிய ஓவர். பந்துக் கணக்கு இப்படி வருகிறது:

```
=IF(G2=1,H2*6,INT(E2)*6+ROUND((E2-INT(E2))*10,0))
```

உள்ளே ROUND ஏன் என்று சிலர் கேட்டார்கள். 7.4-இலிருந்து 7-ஐக் கழித்தால் கணினிக்குள் சரியாக 0.4 வராது, ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கும். ROUND இல்லாமல் INT-ஐ மட்டும் போட்டால் சில நேரம் நாலு பந்து மூன்றாகிவிடும். ஒரு பந்து குறைந்தது கண்ணுக்கே படாது, அதனால்தான் இதில் கறாராக இருக்கிறேன்.

ஆல் அவுட்டை விக்கெட் 10 என்பதை வைத்தே கண்டுபிடிக்கலாமே என்றும் கேட்டார்கள். முதலில் அப்படித்தான் வைத்திருந்தேன். ஞாயிறன்று ஷிப்ட் மாறி, ஆலை அணி ஒன்பது பேரோடு வந்த நாளில் எட்டு விக்கெட்டிலேயே ஆட்டம் முடிந்துவிட்டது. சூத்திரத்துக்கு அது தெரியவில்லை. தனி நெடுவரிசை வைத்ததற்கு அதுதான் காரணம்.

தட்டும்போது விரல் தவறி 8.7 என்று விழுவதும் உண்டு. புள்ளிக்குப் பின்னால் 5-க்கு மேல் எண் வரக் கூடாது. அதனால் E நெடுவரிசைக்கு நிபந்தனை வண்ணம் போட்டிருக்கிறேன், 6 அல்லது அதற்கு மேல் வந்தால் கட்டம் சிவந்துவிடும்:

```
=ROUND((E2-INT(E2))*10,0)>5
```

ஓவர் முடிந்ததை 9.6 என்று எழுதும் பழக்கம் சிலருக்கு உண்டு, அதையும் இது பிடித்துவிடும். 10 என்று மாற்றிவிடுவேன்.

புத்தகத்தின் பக்கம் கையில் இருந்தால் இன்னும் ஒரு சோதனை செய்வேன். மட்டையாளர்களின் ரன்னோடு உதிரி ரன்களைக் கூட்டினால் மொத்தம் வர வேண்டும். பந்துவீச்சாளர்கள் கொடுத்த ரன்னோடு பையும் லெக் பையும் கூட்டினாலும் அதே மொத்தம் வர வேண்டும். வைடும் நோ பாலும் பந்துவீச்சாளர் கணக்கிலேயே சேர்ந்திருக்கும், அதை மறுபடி கூட்டக் கூடாது. இரண்டு பக்கமும் 3 வித்தியாசம் வந்தால், என் அனுபவத்தில், பெரும்பாலும் 6-ஐயும் 9-ஐயும் மாற்றிப் படித்திருப்பேன்.

H நெடுவரிசையை மழைக்காகவும் வைத்திருக்கிறேன். நம் பக்கம் நாலு மணிக்கு மேல் மேகம் கட்டினால் பத்து ஓவர் ஏழாகக் குறையும். ஏழு ஓவர் ஆட்டத்தில் ஒரு அணி ஐந்து ஓவரில் சுருண்டால் அதற்கு 60 பந்து எழுதக் கூடாது, 42 பந்துதான். போன மாதம் இப்படி ஒரு ஆட்டம் வந்தது. H-இல் 10-ஐ அழித்து 7 போட்டேன், மற்றதைச் சூத்திரம் பார்த்துக்கொண்டது.