போட்ட பணம் எப்போது திரும்பும்? இரண்டு கணக்குகள்

கூரை சோலாருக்கு 2,00,000 ரூபாய் செலவு, கரன்ட் பில்லில் ஆண்டுக்கு 40,000 மிச்சம் என்று வைத்துக்கொள்வோம். எளிய கணக்கில் வகுத்தால் 5 ஆண்டில் போட்ட முதல் கைக்கு வந்துவிடும். விற்பவர் சொல்வதும் பெரும்பாலும் இதுதான். ஐந்தாம் ஆண்டு ரூபாயையும் இன்றைய ரூபாயையும் இது ஒன்றாகவே எண்ணுகிறது.

தள்ளுபடிக் கணக்கு, 10% வட்டி விகிதத்தில் ஒவ்வோர் ஆண்டு மிச்சத்தையும் இன்றைய மதிப்புக்குக் குறைக்கும். முதல் ஆண்டின் 40,000 வெறும் 36,364 ஆகும். ஐந்தாண்டில் சேர்வது சுமார் 1,51,600 மட்டுமே. முதல் மீள 7 ஆண்டு தாண்டும். விகிதம் 20% என்றால் எந்தக் காலத்திலும் மீளாது! அதனால் விகிதத்தை யார், எதை வைத்து முடிவு செய்தார்கள் என்று கேட்க வேண்டும்.

முதல் மீண்டதும் இரண்டுமே எண்ணுவதை நிறுத்திவிடும். பத்தாண்டுக்குப் பின் இன்வெர்ட்டர் மாற்றும் செலவோ, பேனல் 25 ஆண்டு தரும் மிச்சமோ இரண்டிலும் வராது. அதற்கு, முழுக் காலத்தின் வரவையும் செலவையும் இன்றைய மதிப்பில் கூட்டிக் கழிக்கும் நிகர இன்றைய மதிப்பைப் போட்டுப் பார்க்க வேண்டும்.