அம்மாவை முதியோர் இல்லத்தில் சேர்த்துப் பதினான்கு மாதம்: கோத்தகிரியிலிருந்து ஓர் அனுபவம்

இல்லத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குன்னூர்ப் பக்கம் இருக்கிறது, எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். அம்மாவுக்கு 79 வயது. பார்க்கின்சன் நோய் வந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன.

எங்கள் வீடு சாலைக்குக் கீழே சரிவில் இருக்கிறது. வாசலில் இருந்து ரோட்டுக்கு 42 படி. அம்மா கடைசியாக அந்தப் படிகளை ஏறியது மூன்று வருடத்துக்கு முன்னால். ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது படி இல்லை, ராத்திரி. பகலில் நான் தேயிலைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கப் போவேன், பக்கத்து வீட்டு அக்கா பார்த்துக்கொள்வார். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை நான் மட்டும்தான். பார்க்கின்சன்காரர்களுக்கு மாத்திரையின் வேகம் ராத்திரியில் இறங்கிவிடும், படுக்கையில் புரளக்கூட முடியாது. குளிரில் உடம்பு இன்னும் இறுகும்.

அண்ணன் திருப்பூரில் இருக்கிறான். "ஹோம் நர்ஸ் வச்சுக்கலாமே" என்றான். வைத்தோம். கீழேயிருந்து வந்த இருவரும் ஜனவரிக் குளிரைத் தாங்காமல் இரண்டு வாரத்தில் கிளம்பிவிட்டார்கள். அப்புறம் ஒரு நோட்டு எடுத்து 14 ராத்திரி எழுதி வைத்தேன்: எத்தனை முறை எழுப்பினார், எத்தனை முறை தூக்க வேண்டியிருந்தது, நான் எவ்வளவு தூங்கினேன். சராசரியாக நான்கு முறை எழுப்பல், எனக்கு நான்கு மணி நேரத் தூக்கம். ஒன்பதாம் ராத்திரி பாத்ரூமில் விழுந்தார். தனியாகத் தூக்க முடியாமல் போர்வையைப் போர்த்தி, விடியும் வரை தரையில் அவரோடு உட்கார்ந்திருந்தேன். பாசம் குறைவா அதிகமா என்ற கேள்விக்கு அந்த நோட்டில் இடமே இல்லை. ராத்திரியில் இரண்டு ஆள் தேவை, வீட்டில் ஒரு ஆள் இருக்கிறேன், அவ்வளவுதான்.

இல்லத்தில் மாதம் 28,000 ரூபாய், டயப்பரும் மருந்தும் தனி, மூன்று மாத வாடகை முன்பணம். நான் செய்த தப்பு, ஒரு மாதம் சோதனையாக விட்டுப் பார்க்காதது. கேட்டிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பார்கள் என்று பின்னால் தெரிந்தது. போய்ப் பார்த்தபோதும் ஜன்னல், தோட்டம், சமையலறை என்றுதான் பார்த்தேன். ராத்திரி எத்தனை பேருக்கு எத்தனை ஆயா என்று கேட்கவே இல்லை. பன்னிரண்டு பேருக்கு இரண்டு பேர்.

முதல் ராத்திரி ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் வயிற்றைப் பிசைந்தது. அம்மாவை அனுப்பியதைவிட, அனுப்பிவிட்டு நிம்மதியாகத் தூங்கினேனே என்பதுதான் உறுத்தியது. ஊரில் ஒரு அத்தை, "பொண்ணு ஒருத்தி இருக்கும்போதே இப்படியா?" என்றார். அதற்கு இன்றுவரை பதில் சொல்லவில்லை.

இரண்டாம் மாதம் நடந்ததுதான் முக்கியமானது. அம்மா சட்டென்று தளர்ந்துபோனார். ஞாயிறு பதினொரு மணிக்குப் போனால் சிலை மாதிரி உட்கார்ந்திருப்பார், குரல் வெளியே வராது, வாயோரம் எச்சில். வீட்டில் அந்த நேரத்தில் தானே இட்லி பிட்டுச் சாப்பிட்டவர். நோய் முற்றிவிட்டது, இங்கே கொண்டுவந்து விட்டதால்தான் முற்றியது என்று முடிவு கட்டி, பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். மூன்று ஞாயிறு இப்படியே போனது. கைக்கடிகாரத்தைப் பார்த்திருந்தால் அன்றே பிடிபட்டிருக்கும். குற்ற உணர்ச்சி இருக்கிறதே, அது எல்லாவற்றுக்கும் ஒரே காரணத்தை வைத்திருக்கும்; வேறு காரணத்தைத் தேட விடாது.

நான்காம் ஞாயிறு காலையில் போய், மாலை வரை அங்கேயே இருந்தேன். அம்மாவுக்குப் பார்க்கின்சனுக்கான லெவோடோபா மாத்திரை ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று நான்கு வேளை. சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால், வெறும் தண்ணீரில். பாலோ முட்டையோ பருப்போ கூட இருந்தால் அந்தப் புரதத்தோடு போட்டி போட்டு மருந்து சரியாக உள்ளே போகாது. இல்லத்தில் மருந்து ரவுண்டு காலை எட்டரை, மதியம் ஒன்றரை, இரவு எட்டரை. எல்லோருக்கும் சாப்பிட்ட கையோடு ஒரே தட்டில் வரும். அம்மாவின் நான்கு வேளையும் மூன்றாகச் சுருங்கி, காலை மாத்திரை பால் டம்ளரோடு சேர்ந்து போயிருந்தது. சார்ட்டில் எல்லா வேளைக்கும் டிக் இருந்தது. மாத்திரை கொடுத்தார்கள் என்பது உண்மைதான், நேரம்தான் இல்லை. பிரஷருக்கும் சர்க்கரைக்கும் பழகியவர்களுக்கு அரை மணி முன்பின் பெரிய விஷயமாகத் தெரியாது. இதில் அரை மணியே பெரிய விஷயம்.

சண்டை போடத்தான் போனேன். மேட்ரன் நிதானமாக, "டாக்டர் எழுதித் தந்தா நான் பண்றேன்மா" என்றார். கோவை நரம்பியல் மருத்துவரிடம் நேரம் போட்டு ஒரு கடிதம் வாங்கினேன். வாந்திக்கு மெட்டோகுளோப்ரமைடு போடக் கூடாது, நடுக்கத்தை அது அதிகமாக்கும், லெவோடோபாவைத் திடீரென்று நிறுத்தவும் கூடாது என்று அதிலேயே எழுதி வாங்கினேன். வேளைக்கு ஒன்றாக நான்கு சின்ன டப்பா, நேரத்தைப் பெரிய எழுத்தில் ஒட்டி, அலாரம் உள்ள ஒரு கடிகாரத்தோடு கொடுத்தேன். காலை ஆறு மணி வேளைதான் இழுத்தது. ஏழு மணிக்கு ஷிப்ட் மாறுவதால் ராத்திரி ஆயா அந்த வேலையைக் காலையில் வருகிறவரிடம் தள்ளுவார். அந்த ராத்திரி ஆயாவிடமே உட்கார்ந்து பேசிச் சரியானது. ஒரு வாரத்தில் அம்மா மறுபடி தானே சாப்பிட்டார்.

எல்லாம் சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். ராத்திரி எழுந்திருக்க வேண்டுமே என்று அம்மா தண்ணீர் குடிப்பதைக் குறைத்துவிடுகிறார், குளிரில் தாகமும் எடுப்பதில்லை. மலச்சிக்கல் வந்தால் மாத்திரையும் மெதுவாகத்தான் வேலை செய்யும். அதனால் நான் போகும்போது கேட்கும் முதல் கேள்வி "சாப்டீங்களா" இல்லை, "மலம் போனதா". மழைக்காலத்தில் மண் சரிந்து ரோடு அடைபட்டால் நான் போக முடியாது, கோவைக்கு ஆம்புலன்சும் போக முடியாது. ராத்திரி அவசரம் வந்தால் யார் கூடப் போவது, எந்த ஆஸ்பத்திரி என்பதைச் சேர்க்கும்போதே எழுதி வாங்காமல், ஆறாம் மாதம்தான் வாங்கினேன்.

"வீட்டுக்குப் போலாம்" என்று இன்னமும் கேட்கிறார், பெரும்பாலும் நாலு மணிக்குப் பனி இறங்கும்போது. நாளைக்குப் போகலாம் என்று பொய் சொல்லிப் பார்த்தேன். மறுநாள் பையைக் கட்டி வைத்துக்கொண்டு காத்திருந்தாராம். அதன்பிறகு சொல்வதில்லை. இப்போதெல்லாம் மாத்திரை நன்றாக வேலை செய்யும் பதினொரு மணிக்குப் போகிறேன், சாப்பாட்டுத் தட்டு வரும்போது கிளம்புகிறேன். கை சோற்றில் இருக்கும்போது அவர் என் முந்தானையைப் பிடிப்பதில்லை.

என் போனில் ஆறு, பத்து, இரண்டு, ஆறு என்று பழைய அலாரம் நான்கும் அப்படியே இருக்கின்றன. பத்து மணிக்கு அடித்தால், ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரர், "அம்மாவுக்கு மாத்திரை" என்பார். அந்த நேரத்தில் இல்லத்தில் இருக்கும் ஆயாவுக்கு ஒரு மிஸ்டு கால் விடுவேன். கொடுத்தாகிவிட்டது என்றால் அவரும் திருப்பி ஒன்று விடுவார்.