ரீஃபண்டு வருவதற்குள் கணக்கை மாற்றுவது: விடுமுறையில் ஊர் வருபவர்களுக்கு

வெளிநாட்டில் வேலை பார்த்துக்கொண்டு, கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் வங்கியில் டெபாசிட் வைத்திருப்பவர்களுக்கு வருமானவரி போர்ட்டலில் அடிக்கடி நேரும் தவறு ஒன்று உண்டு. வெளிநாட்டில் வசிப்பவர்கள் தங்கள் இந்திய வருமானத்துக்கு வைத்திருக்கும் என்ஆர்ஓ கணக்கைச் சேர்ப்பதாக நினைத்து, வெளிநாடு போவதற்கு முன்பு வைத்திருந்த பழைய சேமிப்புக் கணக்கை வேலிடேட் செய்துவிடுவது. இரண்டும் ஒரே வங்கி, ஒரே கிளை, ஒரே ஐஎஃப்எஸ்சி. வித்தியாசம் கணக்கு எண்ணில் மட்டும்தான். பீரோவில் கையில் கிடைத்த பாஸ்புக்கைப் பார்த்து எண்ணை அடித்திருப்பார்கள். பேன் இணைந்திருக்கும், பெயரும் ஒத்துப்போகும், போர்ட்டல் ஏற்றுக்கொள்ளும்.

இங்கே புரிந்துகொள்ள வேண்டியது `Validated` என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை. கணக்கு இருக்கிறது, பேன் அதனோடு இணைந்திருக்கிறது, பெயர் பொருந்துகிறது என்று வங்கி சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். அந்தக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க முடியுமா என்பதைப் போர்ட்டல் கேட்பதில்லை.

பெருந்துறைக்காரர் ஒருவர், வேலை சிங்கப்பூரில். என்ஆர்ஓ டெபாசிட்டில் அந்த ஆண்டு வட்டி 1,80,000 ரூபாய். வங்கி அதில் 31.2 சதவீதத்தை வரியாகப் பிடித்தது. அதாவது 56,160 ரூபாய். இந்தியாவில் அவருக்கு வேறு வருமானம் இல்லை, வட்டி வரிவிலக்கு வரம்புக்குள் அடங்கிவிடுகிறது. எனவே பிடித்த பணம் முழுதும் திரும்ப வர வேண்டும். ஐடிஆர்-2 தாக்கல் செய்து, இ-வெரிஃபையும் முடித்துவிட்டார். ஊருக்கு வந்து, ரீஃபண்டுக்குக் கொடுத்திருந்த கணக்கின் பாஸ்புக்கில் எண்ட்ரி போடக் கிளைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கவுண்டரில் இருந்தவர் திரையைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இது இன்னும் எஸ்.பி. அக்கவுண்டாவே கெடக்குதுங்க சார். கேஒய்சி நின்னுபோச்சு. பணம் உள்ள வரும், வெளிய போகாதுங்க."

இதுதான் ஆபத்தான வகை. மூடிய கணக்குக்கு ரீஃபண்டு போனால் தோற்றுத் திரும்பிவிடும். போர்ட்டலில் `Refund Reissue` கேட்டு வேறு கணக்குக்கு வாங்கிக்கொள்ளலாம். பணத்தை ஏற்றுக்கொண்டு எடுக்கவிடாமல் பூட்டியிருக்கும் கணக்கு என்றால், வரித்துறையின் பார்வையில் ரீஃபண்டு கொடுத்தாகிவிட்டது. மறுபடி அனுப்பச் சொல்ல வழியில்லை. வங்கியோடுதான் மல்லுக்கட்ட வேண்டும், அதையும் வெளிநாட்டிலிருந்து. போதாததற்கு, வெளிநாட்டில் குடியிருப்பவர் பழைய உள்ளூர் சேமிப்புக் கணக்கை அப்படியே வைத்திருக்கவே கூடாது. அந்நியச் செலாவணிச் சட்டமான ஃபெமாவின் விதிப்படி அதை என்ஆர்ஓவாக மாற்றியிருக்க வேண்டும்.

திருத்தும்போது வரிசை முக்கியம். பழையதை நீக்குவதற்கு முன் சரியான கணக்கைச் சேருங்கள். `My Profile` உள்ளே `My Bank Account`, அதில் `Add Bank Account`. கணக்கு எண், வகை, ஐஎஃப்எஸ்சி மூன்றும் கேட்கும். வகையில் சேமிப்பு என்று விட்டுவிடாமல் என்ஆர்ஓ என்பதையே தேர்ந்தெடுங்கள். ஐஎஃப்எஸ்சியை பழைய காசோலைப் புத்தகத்தைப் பார்த்து அடிக்காதீர்கள். கரூரில் தொடங்கிய லட்சுமி விலாஸ் வங்கி 2020 நவம்பரில் டிபிஎஸ் வங்கியோடு இணைந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் சிண்டிகேட் கனராவோடும், அலகாபாத் இந்தியன் வங்கியோடும் சேர்ந்தன. அவற்றின் பழைய குறியீடுகள் இப்போது உதவாது. ஐந்தாவது எழுத்து எப்போதும் பூஜ்யம், ஆங்கில ஓ அல்ல.

நம் ஆட்களுக்கு இன்னொரு சிக்கல் இனிஷியல். பேன் கார்டில் அப்பா பெயர் விரிவாக இருக்கும், வங்கியில் ஒற்றை எழுத்தாக நிற்கும். பெயர் பொருந்தவில்லை என்று `Failed` பட்டியலுக்குப் போய்விடும். கிளையில் பேன் நகலைக் கொடுத்து, அதில் உள்ளபடியே பெயரை மாற்றச் சொல்லிவிட்டுப் போர்ட்டலில் `Re-Validate` கொடுங்கள். விடை உடனே வரலாம். ஆனால் 10 முதல் 12 வேலைநாள் வரை ஆகலாம் என்பது போர்ட்டலே சொல்லும் கணக்கு. மூன்று வாரம் லீவு என்றால் வந்த முதல் திங்கட்கிழமையே கிளைக்குப் போய்விட வேண்டும். இரண்டாவது, நான்காவது சனிக்கிழமை வங்கி கிடையாது.

என்ஆர்ஓ கணக்கு வேலிடேட் ஆனதும் அதற்கு `Nominate for Refund` போடுங்கள், பழையதற்கு எடுத்துவிடுங்கள். இரண்டையும் விட்டுவைத்தால் பாதுகாப்பு என்று சில ஆடிட்டர்களே சொல்கிறார்கள். தவறு. ரீஃபண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கணக்கைக் காட்டினால், வேலிடேட் ஆனவற்றில் ஏதோ ஒன்றுக்குப் பணம் போகும். எது என்பது நம் கையில் இல்லை.

அதோடு வேலை முடியவில்லை. ரிட்டர்னில் எந்தக் கணக்குக்கு டிக் போட்டோமோ அது ரிட்டர்னோடு போய்விட்டது. போர்ட்டலில் மட்டும் மாற்றிவிட்டு நிம்மதியாக இருக்கக் கூடாது. `View Filed Returns` போய் நிலையைப் பாருங்கள். இன்னும் இ-வெரிஃபை செய்யவில்லை என்றால் `Discard` கொடுத்துப் புதிதாகத் தாக்கல் செய்யலாம். ஆனால் தாக்கலுக்கான கடைசி நாள் தாண்டியிருந்தால் புதியது தாமத ரிட்டர்ன் ஆகிவிடும். அப்போது `Discard` வேண்டாம்.

பெருந்துறைக்காரர் வெரிஃபை செய்துவிட்டார், பிராசஸ் ஆகவில்லை. அவருக்கான வழி திருத்திய ரிட்டர்ன், பிரிவு 139(5). முதல் ரிட்டர்னின் 15 இலக்க ஒப்புகை எண்ணும் தாக்கல் தேதியும் வேண்டும். வட்டி 1,80,000, டிடிஎஸ் 56,160 எதையும் தொடாமல், வங்கி விவரப் பகுதியில் மட்டும் டிக்கை என்ஆர்ஓவுக்கு மாற்ற வேண்டும். இதையும் 30 நாளுக்குள் இ-வெரிஃபை செய்தாக வேண்டும். ஆதார் ஓடிபிக்கு ஊர் சிம் வேலை செய்யும் இந்த நாட்களிலேயே முடித்துவிடுவது நல்லது. 2025-26 மதிப்பீட்டு ஆண்டுக்குத் திருத்திய ரிட்டர்ன் போடுவதற்கான கெடு 2025 டிசம்பர் 31 ஆக இருந்தது.

கெடு தாண்டிப் போயிருந்து, பணமும் இன்னும் கிளம்பவில்லை என்றால் ஒரு வழி மிச்சம் இருக்கிறது. என்ஆர்ஓ வேலிடேட் ஆனபின் பழைய கணக்கைக் காரணம் குறிப்பிட்டு `Remove` செய்துவிடுங்கள். வேலிடேட் ஆன கணக்குக்குத்தான் ரீஃபண்டு போகும் என்பதால், பழைய கணக்குக்கான ரீஃபண்டு தோற்று நிற்கும். `Services` பகுதியில் `Refund Reissue` திறந்து, என்ஆர்ஓவைத் தேர்ந்தெடுத்து இ-வெரிஃபை செய்தால் போதும். தாமதமாகும், ஆனால் பூட்டிய கணக்கில் மாட்டாது. நிலையில் ரீஃபண்டு அனுப்பியாகிவிட்டது என்று வந்துவிட்டால் இந்த வழியும் அடைபட்டது. அப்போது பாஸ்போர்ட், விசா, வெளிநாட்டு முகவரிச் சான்று, பேன் நகல்களோடு கிளைக்குப் போய், கேஒய்சியைப் புதுப்பித்துப் பழைய கணக்கை என்ஆர்ஓவாக மாற்றித்தான் பணத்தை எடுக்க முடியும். விமானம் ஏறுவதற்கு முன் கிளையில் கணக்கின் வகையை அச்சிட்டு வாங்கிக் கண்ணால் பார்த்துவிடுங்கள்.